0.276 ஏன் பெரிதாகத் தெரிகிறது?

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். 0.4, 0.53, 0.276 ஆகிய மூன்றில் மிகப் பெரிய எண் எது? சரியான விடை 0.53. தவறாகச் சொல்பவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு கூட்டம் 0.276 என்று அடித்துச் சொல்லும். இன்னொரு கூட்டம் 0.4 என்று சொல்லும். இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனிக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தில் ஓர் ஒழுங்கும் உண்டு.

0.276 என்பவருக்குப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதும் ஒரு முழு எண்தான். 4, 53, 276 என்று வரிசையாகப் பார்க்கிறார். 276 பெரிது, கதை முடிந்தது. இதை அவர் எங்கிருந்து கற்றார் என்று கேட்டால் நாம்தான் கற்றுக்கொடுத்தோம் என்று சொல்ல வேண்டும். ரூ. 4.50 என்பதை ‘நாலு ரூபாய் ஐம்பது காசு’ என்று வாசிக்கிறோம். புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு முழு எண், அந்தப் பக்கம் ஒரு முழு எண். விலைப்பட்டியலில் எப்போதும் இரண்டு இலக்கம் இருப்பதால் இந்த வாசிப்பு ஒருநாளும் பொய்ப்பதில்லை. கிரிக்கெட் இன்னும் மோசம். 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். 4.5-க்கு அடுத்த பந்து வீசினால் 5 ஓவர் ஆகிவிடும். பார்க்கத் தசமம் மாதிரியே இருக்கும், ஆனால் தசமம் இல்லை. போதாக்குறைக்கு வகுப்பிலேயே பலர் ‘புள்ளி ஐம்பத்து மூன்று’ என்று வாசிக்கிறார்கள்.

0.4 என்பவர் வேறு வழியில் வருகிறார். பத்தில் ஒரு பங்கைவிட நூறில் ஒரு பங்கு சிறியது, ஆயிரத்தில் ஒரு பங்கு அதைவிடச் சிறியது என்று அவருக்குத் தெரியும். ஆகவே இலக்கம் கூடக் கூட எண் சிறிதாகும் என்று முடிவுகட்டிவிடுகிறார். இவர் முதலாமவரைவிடக் கொஞ்சம் அதிகம் படித்தவர் என்றுகூடச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி ஆகிய இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் தசம எண்களை ஒப்பிடச் சொல்லிப் பார்த்து, ‘நீளமானதே பெரியது’, ‘குட்டையானதே பெரியது’ என்று இந்த இரண்டு போக்குகளையும் வகை பிரித்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இருக்கக் காரணமில்லை.

ஆன்லைன் குவிஸ் தயாரிப்பவர் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். தவறான விடை என்பது பல நேரம் ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியதன் பலன். அந்த விதி இதுவரை பல இடங்களில் வேலை செய்திருக்கிறது. பின்னூட்டம் எழுதுபவரின் வேலை, அந்த விதி உடைகிற ஓர் இடத்துக்குப் பிள்ளையை அழைத்துப்போய் நிறுத்துவது. உடைவதை அவரே பார்க்க வேண்டும்.

இது புதிய யோசனை இல்லை. 1950-களில் அமெரிக்க விமானப்படையில் பழுதுபார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த நார்மன் க்ரௌடர் என்பவர் இதையே புத்தகமாகச் செய்தார். ஒரு பக்கத்தில் கேள்வி. ஒவ்வொரு விடைக்கும் ஒரு பக்க எண். தவறான விடையைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தைப் புரட்டினால், அந்த விடையைத் தேர்ந்தெடுத்தவர் எங்கே இடறியிருப்பார் என்று விளக்கிவிட்டு, மறுபடி கேள்விக்கே திருப்பி அனுப்பும். அதே காலத்தில் பயிற்று இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த பி.எஃப். ஸ்கின்னருக்கு இது பிடிக்காத வழி. மாணவர் தவறே செய்யாத அளவுக்குப் பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. க்ரௌடருக்கோ தவறு என்பது தகவல். இன்று நம் கையில் இருக்கும் குவிஸ் மென்பொருள்களில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு பின்னூட்டப் பெட்டி இருக்கிறதே, அதன் பாட்டன் க்ரௌடர் புத்தகம்தான். பெட்டி இருக்கிறது, பெரும்பாலும் காலியாக இருக்கிறது. அல்லது எல்லாப் பெட்டியிலும் ‘மீண்டும் முயற்சி செய்க’ என்று ஒரே வரி ஒட்டப்பட்டிருக்கிறது.

இனி 0.276-ஐத் தேர்ந்தெடுத்த பிள்ளைக்கு என்ன எழுதலாம் என்று பார்ப்போம்.

‘தவறு. சரியான விடை 0.53.’ இதுதான் வழக்கம். இதைப் படித்த பிள்ளைக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது. அவருடைய விதியை யாரும் தொடவில்லை. நாளை 0.6-ஐயும் 0.345-ஐயும் கொடுத்தால் 0.345 பெரிது என்பார்.

‘தசம எண்களை ஒப்பிடும்போது இடமதிப்பைக் கவனிக்க வேண்டும்.’ பாடப்புத்தகத்தில் இருந்து எடுத்த வாசகம், தப்பே இல்லை. ஆனால் படிக்கும் பிள்ளை ‘கவனித்துத்தானே போட்டேன்’ என்றுதான் நினைப்பார். 276-ல் நூறுகள் இருக்கின்றன, 53-ல் பத்துகள்தான் இருக்கின்றன, இடமதிப்பைப் பார்த்தாயிற்று. விதியைச் சொல்வது, விதியை வேறு மாதிரிப் புரிந்துகொண்டவரிடம் எடுபடாது.

‘0.53-ஐ 0.530 என்று எழுதி இப்போது ஒப்பிடு.’ இது வகுப்பறைகளில் பிரபலமான குறுக்குவழி. பிள்ளை உடனே 530, 276 என்று பார்த்துச் சரியான விடைக்கு வந்துவிடுவார். மதிப்பெண் வரும், ஆசிரியருக்கும் திருப்தி. எனக்கு இதில்தான் வருத்தம். பூச்சியத்தைச் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கியதும், புள்ளிக்குப் பின்னால் முழு எண் இருக்கிறது என்ற அவருடைய பழைய நம்பிக்கைக்கு ஆயுள் நீட்டிப்பு கிடைத்துவிட்டது. சந்தேகமிருந்தால் 0.53-க்கும் 0.54-க்கும் நடுவில் ஓர் எண் சொல்லச் சொல்லுங்கள். 53-க்கும் 54-க்கும் நடுவில் என்ன இருக்கும், ஒன்றுமில்லை என்பார். குறுக்குவழி தெரியட்டும், ஆனால் அது புரிந்த பிறகு வர வேண்டியது.

‘0.5 மீட்டர் என்பது அரை மீட்டர். 0.276 மீட்டர் அதைத் தாண்டுமா?’ இது நல்ல திசை. கேள்வி கேட்கிறது, அளந்து பார்க்கக்கூடிய பொருளைக் கொண்டுவருகிறது. இருந்தாலும் பழைய விதிக்காரர் 5-ஐயும் 276-ஐயும் பார்த்துத் ‘தாண்டும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவருடைய விதி உடையவில்லை, அதற்கு இன்னொரு முறை வேலை கிடைத்திருக்கிறது.

ஆக, ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியாக எடுத்து மதிப்பு சொல்ல வைத்தால்தான் 276 என்ற கட்டு அவிழும். இப்படி எழுதலாம்:

‘0.276 மீட்டர் நீளக் கயிறு ஒன்றை மீட்டர் டேப்பில் வைத்துப் பார். 0.1 மீட்டர் என்றால் 10 செ.மீ. புள்ளியை அடுத்துள்ள 2 எத்தனை செ.மீ.? அடுத்த 7 எவ்வளவு? 6 எவ்வளவு? 0.53 மீட்டர் கயிற்றையும் இதே போல அளந்துவிட்டு மறுபடி விடை சொல்.’

இந்தச் செய்தியைப் படிக்கும் பிள்ளை 2 என்பது 20 சென்டிமீட்டர், 7 என்பது 7 சென்டிமீட்டர், 6 என்பது வெறும் 6 மில்லிமீட்டர் என்று போட்டுப் பார்ப்பார். மொத்தம் 27 செ.மீ. 6 மி.மீ. மறுபக்கம் 53 செ.மீ. வலப்பக்கம் போகப் போக இலக்கத்தின் மதிப்பு சுருங்குகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரே கண்டார். சரியான விடை எது என்றும் செய்தி சொல்லவில்லை. ‘தவறு’ என்ற சொல்கூட இல்லை. திரையில் சிவப்புக் குறி ஏற்கெனவே அதைச் சொல்லிவிட்டது, இரண்டாம் முறை எதற்கு?

0.4-ஐத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கயிறு பொருத்தம் இல்லை. அவர் பங்குகளில் யோசிப்பவர். அவரிடம் சரியாக இருக்கும் பாதியை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவார்.

‘நூறில் ஒரு பங்கைவிடப் பத்தில் ஒரு பங்கு பெரியது, அது சரி. 0.4 என்றால் பத்தில் 4 பங்கு. 0.53 என்றால் நூறில் 53 பங்கு. பத்தில் ஒரு பங்கை நிரப்ப நூறில் எத்தனை பங்கு வேண்டும்? அப்படியானால் 53 பங்குகளை வைத்துப் பத்தில் எத்தனை பங்கை நிரப்பலாம்?’

பத்தில் ஒரு பங்குக்கு நூறில் பத்து பங்கு வேண்டும். 53 பங்குகளில் ஐந்தை நிரப்பி மூன்று மிச்சமும் வரும். நான்கைவிட ஐந்து பெரியது. அந்தக் காலத்தில் இதைப் பத்து காசு நாணயத்தை வைத்துச் சொல்லிவிடலாம். 25 காசு வரைக்குமான நாணயங்களே 2011-ல் செல்லாமல் போய்விட்டன. பத்து காசைக் கண்ணால் பார்க்காத பிள்ளையிடம் அந்த உதாரணம் இன்னொரு பாடமாகிவிடும்.

0.4-க்கு வேறொரு பாதையில் வருபவரும் உண்டு. 0.4 என்பதை 1/4 மாதிரியும் 0.53 என்பதை 1/53 மாதிரியும் பார்த்துவிட்டு, நாலில் ஒன்றுதான் பெரிது என்பார். ஒரே விடைக்கு இரண்டு காரணம் இருக்கும்போது ‘நீ இப்படித்தான் நினைத்தாய்’ என்று அடித்து எழுதினால் ஒருவருக்காவது அது பொய்யாகப் போகும். தன்னைப் பற்றிப் பொய் சொல்லும் செய்தியைப் பிள்ளைகள் அடுத்த முறை படிக்க மாட்டார்கள். மேலே உள்ள செய்தி இரண்டு எண்களின் பொருளையும் முதலில் சொல்லிவிடுவதால் இரண்டு பேருக்கும் உதவும். காரணம் உறுதியாகத் தெரியாத இடத்தில் பிள்ளையின் மனத்தைப் பற்றி எழுதாமல் எண்ணைப் பற்றி எழுதுவது நல்லது.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1996-ல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பின்னூட்டம் பற்றி அதுவரை வந்திருந்த நூற்றுக்கணக்கான சோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் நன்மைதான் செய்திருந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பின்னூட்டம் பெற்றவர்களின் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் செய்கிற வேலையிலிருந்து விலகித் தன்னைப் பற்றிய எண்ணத்துக்குத் திரும்பும்போது பலன் கெடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘இன்னும் கவனமாக இருந்திருக்கலாமே’, ‘பரவாயில்லை, நீ கெட்டிக்காரன்தான்’ என்ற இரண்டுமே பிள்ளையைத் தன்னைப் பற்றி யோசிக்க வைக்கின்றன. முதலாவது திட்டு, இரண்டாவது தட்டிக்கொடுப்பு. கயிறு இரண்டிலும் காணோம்.

விடை தெரிவுகளை எங்கிருந்து எடுப்பது என்று கேட்பீர்கள். ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து யோசித்து எடுத்த தவறான விடைகள் பெரும்பாலும் பயன்படாது. முதலில் இதே கேள்வியைத் தெரிவுகள் இல்லாமல் தாளில் கொடுத்து, விடையோடு ‘எப்படிக் கண்டுபிடித்தாய்’ என்று ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். இரண்டு வகுப்புத் தாள்களைப் பிரித்து அடுக்கினாலே எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அவைதான் தெரிவுகள். நாலு தெரிவு வேண்டும் என்ற வழக்கத்துக்காக யாரும் நினைக்காத ஓர் எண்ணைச் சேர்த்தால், அதற்குப் பின்னூட்டம் எழுதும்போது கை நின்றுவிடும். என்ன நினைத்து இதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல முடியாத தெரிவை எடுத்துவிடலாம்.

மூடுல் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு தெரிவுக்கும் தனிப் பின்னூட்டம் போடலாம். கேள்விகளைச் சாதாரண உரைக் கோப்பாக எழுதி ஏற்றவும் வழி உண்டு. GIFT என்ற அந்த வடிவத்தில் சரியான விடைக்கு முன் `=`, தவறானதற்கு முன் `~`, பின்னூட்டத்துக்கு முன் `#` வரும்.

```
::தசமம் 1:: இவற்றில் மிகப் பெரிய எண் எது? {
  =0.53 #பத்தில் ஒன்றாம் இடத்தில் 5. மற்ற இரண்டிலும்
        அந்த இடத்தில் என்ன இருக்கிறது?
  ~0.276 #0.1 மீட்டர் என்றால் 10 செ.மீ. இதில் 2, 7, 6
        ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம்?
  ~0.4 #0.53 என்றால் நூறில் 53 பங்கு. அதை வைத்துப்
        பத்தில் எத்தனை பங்கை நிரப்பலாம்?
}
```

சரியான விடைக்கும் ஒரு வரி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குருட்டாம்போக்கில் 0.53-ஐத் தொட்டவருக்கும் காரணம் தெரிய வேண்டுமே.

கூகுள் ஃபார்ம்ஸ் பயன்படுத்துபவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். அதில் சரியான விடைக்கு ஒரு பின்னூட்டம், தவறான விடைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பின்னூட்டம், அவ்வளவுதான் இடம். 0.276-காரருக்கும் 0.4-காரருக்கும் ஒரே செய்தி போகும். அதைத் தாண்ட, கேள்வியில் `Go to section based on answer` என்ற வசதியை இயக்கி, ஒவ்வொரு விடைக்கும் ஒரு தனிப் பகுதி வைத்து, அங்கே விளக்கத்தையும் அடுத்த கேள்வியையும் போடலாம். க்ரௌடர் புத்தகத்தில் பக்கம் புரட்டியது போலவேதான்.

செய்தியைப் படித்த பிறகு என்ன நடக்கிறது என்பது எழுதிய செய்தியைவிட முக்கியம். அதே கேள்விக்கே திருப்பி அனுப்பினால், மூன்று தெரிவுகளில் ஒன்று போய்விட்டது, மீதி இரண்டில் ஒன்றைத் தொடலாம். படிக்காமலே மூன்றாவது தட்டலில் எவரும் சரியான விடைக்கு வந்துவிடுவார்கள். மூடுலில் `Interactive with multiple tries` என்ற முறையில் ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணைக் கழிப்பது இயல்பாகவே வைக்கப்பட்டிருக்கும். அது அவசரத் தட்டலைக் கொஞ்சம் தடுக்கும், யோசிக்க வைக்காது. பயிற்சிக் குவிஸில் மதிப்பெண் கழிப்பதே எனக்கு உடன்பாடு இல்லை.

நல்ல வழி, செய்தியைத் தொடர்ந்து வேறு எண்களில் ஒரு கேள்வி தருவது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ‘நீளமானதே பெரியது’ என்று நம்பியவரின் விதியை உடைத்ததும், அவர் நேராக ‘அப்படியானால் குட்டையானதுதான் பெரியது போல’ என்று எதிர்ப்பக்கம் தாவுவது சகஜம். 0.6, 0.345 என்ற ஜோடியை மட்டும் கொடுத்தால் அந்தப் புதிய தப்பு விதியும் சரியான விடையைத் தந்துவிடும், நாமும் செய்தி வேலை செய்துவிட்டது என்று நம்பிவிடுவோம். அதனால் கூடவே 0.51, 0.728 என்ற ஜோடியும் வேண்டும். இதில் நீளமானதுதான் பெரியது. இரண்டிலும் சரியாகப் போட்டவர்தான் இலக்கத்தின் மதிப்பைப் பார்க்கிறார். முதலாவதில் சரி, இரண்டாவதில் தவறு என்றால் ஆள் கட்சி மாறியிருக்கிறார், அவ்வளவே, அவருக்கு 0.4-காரருக்கான செய்தியைக் காட்ட வேண்டும்.

இந்த ஜோடிதான் செய்தியை எடைபோடவும் உதவும். தெரிவு வாரியாக எத்தனை பேர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று மூடுலின் புள்ளிவிவர அறிக்கை காட்டும். 0.276-ஐத் தேர்ந்தெடுத்து, செய்தியையும் பார்த்தவர்கள் அடுத்த ஜோடியில் முதல் முயற்சியிலேயே எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் மறுபடி அதே தவறு என்றால் செய்தி நீளமாக இருக்கலாம், அல்லது அவர்களுக்குச் சென்டிமீட்டர் கணக்கே தகராறாக இருக்கலாம். எது என்று எண்ணிக்கை சொல்லாது. இரண்டு மூன்று பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, செய்தியைச் சத்தமாகப் படித்து அடுத்து என்ன செய்வாய் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். ‘செ.மீ. எத்தனைன்னு எங்க போடணும்? கட்டமே இல்லையே’ என்று ஒரு பிள்ளை கேட்டால், பதில் எழுத இடம் தராமல் கேள்வி மட்டும் கேட்கிறது உங்கள் செய்தி என்று அர்த்தம்.

செய்தி கைபேசித் திரையில் உருட்டாமல் படிக்கிற அளவுக்குள் இருக்க வேண்டும். நான்கைந்து வரிதான் இடம்.

எல்லாக் கேள்விக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை. தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்ற கேள்விக்கு 90 என்றவரிடம் போய்க் குறிப்புக் கொடுத்துக்கொண்டிருப்பது வீண் வேலை. தெரியாததை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. 100 டிகிரி செல்சியஸ் என்று சொல்லிவிட்டு, சில கேள்விகள் தள்ளி மறுபடி கேட்டால் போதும். பின்னால் ஒரு விதி ஒளிந்திருக்கும் தவறுகளுக்குத்தான் இந்த உழைப்பு.

தசமத்திலும் கேள்வி கேட்கும் செய்திக்கு ஓர் எல்லை உண்டு. கயிற்றுக் கேள்வியைப் பார்த்த பிறகும், இரண்டாவது ஜோடியைப் பார்த்த பிறகும் அதே விடையைத் தேர்ந்தெடுப்பவரிடம் மூன்றாவதாக இன்னொரு கேள்வி கேட்டால் அவர் குவிஸை மூடிவிட்டுப் போய்விடுவார். அந்த இடத்தில் செய்தி கேட்பதை நிறுத்தி, 20 செ.மீ., 7 செ.மீ., 6 மி.மீ. என்று முழுக் கணக்கையும் வரிவரியாகப் போட்டுக் காட்ட வேண்டும். கூடவே அந்தப் பிள்ளையின் பெயர் ஆசிரியரின் பட்டியலில் ஏற வேண்டும். மறுநாள் வகுப்பில் நிஜமான டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருவது ஆசிரியரின் வேலை.